அம்பு எந்தப் படையைத் தொடுகிறது? அத்திவார வெட்டுமுகத்தில் மல்டிலீடர் குறிப்புகளை ஒழுங்காக வைத்தல்

கல்லடியில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் கட்டிக்கொண்டிருந்தபோது மேசன் அண்ணன் நான் கொடுத்த ஏ3 தாளை விரித்து ஒரு இடத்தில் விரலை வைத்தார். "தம்பி, இந்த டி.பி.சி. பீமுக்கு மேலயா கீழயா வருது? அம்பு ரெண்டையும் தொட்டுக்கொண்டு நிக்குதே" என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அம்பின் நுனி பீமும் டி.பி.சி.யும் சந்திக்கும் மூலையில் நின்றது. குறிப்பில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அளவும் சரி. ஆனாலும் அந்தத் தாளை மட்டும் பார்த்து வேலை செய்திருந்தால் டி.பி.சி. தவறான இடத்தில் போயிருக்கும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று கிடக்கும் நிலத்தில், ஈரத்தைத் தடுக்கும் டி.பி.சி. பிழைத்தால் ஈரம் சுவரில் ஏறி, பூச்சு உப்புப் பூத்து உதிரும். பிறகு அதைத் திருத்த வழியில்லை.

அன்றிலிருந்து ஆட்டோகேட்டில் மல்டிலீடர் என்னும் குறிப்புக்கோடு போடும் முறையை மாற்றிக்கொண்டேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படவரைஞர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆட்டோகேட்டில் சுவர், கதவு, அளவு எல்லாவற்றையும் வேகமாகப் பழகிவிடுகிறார்கள். குறிப்புகளைத்தான் கடைசி அரைமணி நேரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். அதனால் இங்கே ஒரேயொரு படத்தை எடுத்து, அதற்குக் குறிப்பு எழுதுவதை முதலிலிருந்து முடிவு வரை செய்து காட்டுகிறேன்.

படமும் ஏழு குறிப்புகளும்

படம் ஒரு வெளிச்சுவரின் வெட்டுமுகம். மில்லிமீற்றரில் வரைந்தது, 1:20 அளவில் ஏ3 தாளில் அச்சாகப் போகிறது. நிலமட்டத்துக்குக் கீழே 750, மேலே 900 காட்டப்படுகிறது. மொத்தம் 1650, தாளில் ஏறத்தாழ 82 மி.மீ. உயரம். மேலிருந்து கீழாகச் சொல்ல வேண்டியவை இவை: சீமெந்துக்கல் சுவரும் பூச்சும், 20 மி.மீ. டி.பி.சி., டை பீம், 75 மி.மீ. தரைக் கொங்கிறீட், அதன் கீழே இறுக்கிய மண் நிரப்பு, கருங்கல் கட்டு, அடியில் 75 மி.மீ. ஸ்கிறீட் கொங்கிறீட்.

கோடு போடுவதற்கு முன் இந்த ஏழையும் ஒரு காகிதத்தில் மேலிருந்து கீழாக வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் பொருள்கள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றனவோ அதே வரிசையில் குறிப்புகளும் நிற்க வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருப்பதில்லை, வரிசை மாறியிருப்பதுதான் காரணம். மேசனும் தாளை அப்படித்தான் வாசிக்கிறார். இன்றைக்கு ஸ்கிறீட், நாளைக்குக் கருங்கல் என்று கீழிருந்து மேலே ஏறிப் போகிறார்.

எழுத்து பாணி

முதலில் `STYLE` கட்டளையில் குறிப்புக்கென்று ஓர் எழுத்து பாணி உருவாக்குங்கள். தமிழில் எழுதுவதாக இருந்தால் `Nirmala UI` அல்லது `Latha` போன்ற யூனிகோட் எழுத்துரு வேண்டும். `.shx` என்று முடியும் எழுத்துருக்களில் தமிழ் வராது, கேள்விக்குறிகள்தான் வரும்.

எங்கள் பகுதியில் பழைய கோப்புகள் பலவற்றில் பாமினி எழுத்துரு இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "மட்டக்களப்பு" என்ற சொல் `kl;lf;fsg;G` என்று தெரியும். உங்கள் கணினியில் சரியாகத் தெரிகிற ஒரு குறிப்பு பொறியியலாளரின் கணினியில் இப்படி மாறிப் போகலாம். பழைய கோப்பிலிருந்து குறிப்பை எடுத்து ஒட்டும்போது இதைக் கட்டாயம் கவனியுங்கள். அப்படிப்பட்ட குறிப்பை யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்வதுதான் பாதுகாப்பு.

எழுத்து பாணியில் உயரத்தை 0 என்றே விடுங்கள். அங்கே ஓர் உயரத்தைப் பதித்துவிட்டால் லீடர் பாணியில் நீங்கள் கொடுக்கும் உயரம் வேலை செய்யாது. "உயரத்தை மாற்றினேன், எழுத்து மாறவில்லை" என்று புதியவர்கள் சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

லீடர் பாணி

`MLEADERSTYLE` கட்டளையைத் தட்டுங்கள். `Standard` பாணியைத் திருத்த வேண்டாம். `New` அழுத்திப் புதிய பெயர் ஒன்று கொடுங்கள். நான் வைத்த பெயர் `NOTE-ARROW`. உள்ளே மூன்று தாவல்கள் இருக்கும்.

`Leader Format` தாவலில் கோட்டு வகை `Straight`. வளைகோடு வேண்டாம், வெட்டுமுகத்தில் அது மண்கோட்டைப் போலவும் கம்பியைப் போலவும் தெரியும். நிறத்தையும் தடிப்பையும் `ByBlock` என்றே விட்டுவிட்டு, குறிப்புகளுக்கென்று ஒரு தனி லேயர் வைத்து அதற்கு 0.18 தடிப்புக் கொடுங்கள். வெட்டப்பட்ட சுவரின் கோடு 0.5 என்றால், 0.18 கோடு அதன் மேலே குறுக்கே போனாலும் படம் கலங்காது. அம்பின் அளவு 2.5.

`Leader Structure` தாவலில் `Maximum leader points` 2 ஆக இருக்கட்டும். ஒரு சாய்கோடு, பிறகு எழுத்தை நோக்கிய ஒரு சிறு கிடைக்கோடு, அவ்வளவும் போதும். அந்தக் கிடைக்கோட்டின் நீளத்தை, அதாவது `Set landing distance` இல் வருவதை, 3 என்று வையுங்கள். கோணக் கட்டுப்பாடு கொடுக்க வேண்டாம். கீழே `Annotative` பெட்டியில் குறி இடுங்கள். இதை இட்டால் நீங்கள் கொடுக்கும் 2.5, 3 எல்லாம் தாளில் வரும் மில்லிமீற்றர்கள். 1:20 இல் 2.5 மி.மீ. எழுத்து மொடலில் 50 ஆக வர வேண்டும் என்ற பெருக்கலை மென்பொருளே செய்துகொள்ளும்.

`Content` தாவலில் `Mtext`, சற்றுமுன் செய்த எழுத்து பாணி, உயரம் 2.5. இடப்பக்க இணைப்பு, வலப்பக்க இணைப்பு இரண்டுக்கும் `Middle of top line`. ஒரு குறிப்பு ஒரு வரியாகவும் அடுத்தது மூன்று வரியாகவும் இருந்தாலும் கோடு எப்போதும் முதல் வரிக்கே வந்து சேரும். வாசிப்பவரின் கண் கோட்டின் வழியே வந்து குறிப்பின் தொடக்கத்தில் நிற்கும். `Landing gap` 1 போதும்.

உயரத்தைப் பற்றி ஒன்று. ஏ1 தாளுக்கு என்று வரைந்ததை ஏ3 இல் சுருக்கி அச்சடித்தால் எல்லாம் சரிபாதியாகிவிடும். 2.5 மி.மீ. எழுத்து 1.25 ஆகும். சீமெந்துக் கையோடு வெயிலில் நின்று அதை ஒருவராலும் வாசிக்க முடியாது. தளத்துக்கு ஏ3 தான் போகப்போகிறது என்று தெரிந்தால் முதலிலேயே ஏ3 க்குத் தாளை அமையுங்கள்.

அம்பா, புள்ளியா

கல்லடித் தாளில் நடந்த பிழையின் வேர் இங்கேதான் இருந்தது, அதனால் இதைச் சற்று ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஐ.எஸ்.ஓ. 128 வரைதல் தரத்தில் குறிப்புக்கோட்டின் முடிவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடு ஒரு பொருளின் பரப்புக்குள்ளே முடிந்தால் புள்ளி. பொருளின் விளிம்புக்கோட்டில் முடிந்தால் அம்பு. இந்த ஒரு வேறுபாடு வாசிப்பவருக்குப் பெரிய உதவி. புள்ளி என்றால் "இந்தப் பரப்பு முழுவதும்" என்று பொருள், அம்பு என்றால் "இந்தக் கோடு" என்று பொருள்.

இப்போது டி.பி.சி.யைப் பாருங்கள். 20 மி.மீ. தடிப்பு 1:20 இல் தாளில் 1 மி.மீ. தான். 2.5 மி.மீ. நீள அம்பை அதன்மேல் சாய்வாக வைத்தால் அம்பே அந்தப் படையை மூடிவிடும், பக்கத்துப் படையிலும் கால் வைக்கும். கருங்கல் கட்டு, மண் நிரப்பு போன்ற அகன்ற பரப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 75 மி.மீ. ஸ்கிறீட் தாளில் 3.75 மி.மீ. வரும், அதற்குள் ஒரு சிறு புள்ளி நன்றாக உட்காரும்.

ஆகவே இரண்டாவது பாணி ஒன்று செய்யுங்கள். `NOTE-ARROW` ஐ அடிப்படையாக வைத்து `NOTE-DOT` என்று உருவாக்கி, அம்புக்குறியை `Dot` ஆக்கி அளவை 1 ஆகக் குறையுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். எங்கள் படத்தில் சுவர், டை பீம், தரை, நிரப்பு, கருங்கல், ஸ்கிறீட் ஆறுக்கும் புள்ளி. டி.பி.சி.க்கு மட்டும் அம்பு. அந்த அம்பு சுவரின் முகத்தில் டி.பி.சி.யின் குட்டை விளிம்பு தெரியும் இடத்தில், அந்த 1 மி.மீ. இன் நடுவில், பக்கவாட்டிலிருந்து வந்து தொட வேண்டும். அதுவும் தெளிவாக இல்லையென்றால் அந்த இடத்தை மட்டும் 1:5 இல் பெரிதாக்கி வரையுங்கள். அப்போது டி.பி.சி. 4 மி.மீ. ஆகிவிடும், யாருக்கும் ஐயம் வராது.

என் அம்பு மூலைக்கு எப்படிப் போனது? `OSNAP` இயங்கிக்கொண்டிருந்தது, `Endpoint` தேர்வாகியிருந்தது. நான் டி.பி.சி.க்கு அருகில் சொடுக்கியதும் அம்பு தானாகவே அருகிலிருந்த முனைக்குத் தாவிவிட்டது. அந்த முனை பீமுக்கும் சொந்தம், டி.பி.சி.க்கும் சொந்தம். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இது கண்ணில் படுவதில்லை. புள்ளிக் குறிப்புகள் போடும்போது `F3` அழுத்தி ஸ்னாப்பை நிறுத்திவிடுங்கள். டி.பி.சி. அம்புக்கு மட்டும் `Midpoint` ஸ்னாப்பைப் பயன்படுத்துங்கள். `DIMASSOC` 2 ஆக இருக்கும்போது ஸ்னாப் மூலம் வைத்த அம்பு அந்தப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும், பின்னர் பீமை நகர்த்தினால் அம்பும் கூடவே வரும். ஸ்னாப் இல்லாமல் வைத்த புள்ளிகளுக்கு அந்த ஒட்டுதல் இல்லை. எனவே படத்தை மாற்றிய பிறகு புள்ளிகளை ஒருமுறை கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

குறிப்புகளைப் போடுதல்

திரையின் கீழ்ப்பட்டியில் அளவுகோலை 1:20 ஆக மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு எழுதத் தொடங்கினால் எழுத்து வேறு அளவில் வந்து விழும். குறிப்பு லேயருக்குப் போய் `MLEADER` தட்டுங்கள். முதல் சொடுக்கு பொருளில், இரண்டாவது சொடுக்கு எழுத்து வரவேண்டிய இடத்தில்.

ஏழு குறிப்பும் படத்தின் ஒரே பக்கத்தில் நிற்கட்டும். நான் வீட்டின் உட்பக்கத்தைத் தேர்ந்தேன், தரையும் நிரப்பும் அங்கேதான் இருக்கின்றன. வெளிப்பக்கம் நிலமட்டக் குறிக்கும் அளவுகளுக்கும் விட்டுவிட்டேன். எழுத்துகள் ஹாட்ச்சின் மேல் ஏறாமல் வெற்றிடத்தில் நிற்கும்படி தூரம் விடுங்கள்.

பொருளுக்குள் புள்ளியை எங்கே வைப்பது என்பதில் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கருங்கல் கட்டின் எந்த மூலையில் வைத்தாலும் அது கருங்கல் கட்டுத்தான். அதனால் புள்ளிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் அடுக்காமல், மேலிருந்து கீழே வரும்போது சற்றுச் சாய்வாக விலகிப் போகும்படி வையுங்கள். அப்படி வைத்தால் கோடுகள் ஏறத்தாழ இணையாக வரும், ஒன்றின் புள்ளிமேல் மற்றொன்று ஏறாது. ஹாட்ச் `ANSI31` என்றால் அதன் கோடுகள் 45 பாகையில் ஓடும். உங்கள் குறிப்புக்கோடும் அதே பக்கம் 45 இல் சாய்ந்தால் ஹாட்சுக்குள் தொலைந்துபோகும். 60 பாகைக்கு அருகே அல்லது எதிர்ப்பக்கச் சாய்வில் போனால் தெளிவாகத் தெரியும்.

குறிப்பு நீளமாக இருந்தால் நடுவில் `Enter` அழுத்தி வரியை உடைக்க வேண்டாம். எழுத்துப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலத்தைக் குறையுங்கள், வரி தானாக மடியும். ஏழுக்கும் அகலம் ஒன்றுபோல இருந்தால் நெடுவரிசை அழகாக நிற்கும். எங்கள் படத்தில் எல்லாம் இரண்டு வரிக்குள் அடங்கின.

வரிசைப்படுத்துதல்

இப்போது ஏழும் வரிசை மாறாமல் நிற்கின்றன, ஆனால் முன்பின்னாகக் கலைந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக நகர்த்துவது வீண் வேலை. `MLEADERALIGN` இதற்காகவே இருக்கிறது.

எவ்வளவு இடைவெளி விடலாம் என்று முதலில் கணக்குப் பாருங்கள். 2.5 மி.மீ. எழுத்தில் இரண்டு வரிக் குறிப்பு ஏறத்தாழ 6.7 மி.மீ. உயரம் எடுக்கும். ஏழு குறிப்புக்கு 47 மி.மீ. இடையில் ஆறு இடைவெளிகள், ஒவ்வொன்றும் 5 மி.மீ. என்றால் 30. மொத்தம் 77 மி.மீ. படத்தின் உயரம் 82, ஆகவே நெடுவரிசை படத்தின் உயரத்துக்குள்ளேயே அடங்குகிறது. அடங்கவில்லையென்றால் இடைவெளியை 4 ஆக்கலாம், அல்லது இரண்டு குறிப்புகளை ஒன்றாகச் சேர்க்கலாம். எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம்.

இந்த 5 மி.மீ. தாளில் உள்ளது. கட்டளைக்குக் கொடுக்க வேண்டியது மொடல் அலகு, அதாவது 5 × 20 = 100. பாணியில் உள்ள அளவுகளை மென்பொருளே பெருக்கிக்கொண்டாலும் இதை நீங்கள்தான் பெருக்க வேண்டும். 5 என்று கொடுத்தால் குறிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

```
MLEADERALIGN
(ஏழு குறிப்புகளையும் தேர்ந்து Enter)
O
S
100
(மேலே உள்ள சுவர்க் குறிப்பைச் சொடுக்கு)
(F8 இயக்கத்தில் வைத்து நேர் கீழே சொடுக்கு)
```

இங்கே `O` என்பது விருப்பங்களுக்கு, `S` என்பது இடைவெளி கொடுப்பதற்கு. `F8` இயக்கத்தில் இல்லையென்றால் நெடுவரிசை சற்றுச் சரிந்துவிடும். திரையில் தெரியாது, தாளில் தெரியும்.

அதே விருப்பங்களில் `make leader segments Parallel` என்று ஒன்று இருக்கிறது. கோடுகளை இணையாக்குவதற்காக எழுத்துகளை அது நகர்த்தும், அப்போது நெடுவரிசை கலையும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால் நான் நெடுவரிசையைத்தான் எடுப்பேன். பிறகு புள்ளிகளைப் பிடித்துப் பொருளுக்குள்ளேயே சற்று நகர்த்தி, கோடுகளை முடிந்த அளவு இணையாக்குவேன். எந்த இரண்டு கோடுகளாவது வெட்டினால் அவற்றின் எழுத்துகளை இடம் மாற்றிவிட்டு மறுபடி வரிசைப்படுத்துங்கள்.

ஒரே குறிப்பு இரண்டு இடங்களைக் காட்ட வேண்டி வரலாம். உதாரணமாக, உட்பூச்சும் வெளிப்பூச்சும் ஒரே கலவை. அப்போது குறிப்பை இரண்டு தடவை எழுத வேண்டாம். `MLEADEREDIT` தட்டி, குறிப்பைத் தேர்ந்து, இரண்டாவது இடத்தில் சொடுக்குங்கள், இன்னொரு கோடு சேரும். மூன்றுக்கு மேல் சேர்த்தால் சிலந்தி வலையாகிவிடும்.

கோளாறுகள்

மொடலில் குறிப்பு இருக்கிறது, தாள் அமைப்பில் காணவில்லை. இதுதான் அதிகம் வரும் கேள்வி. வியூபோர்ட்டின் அளவும் குறிப்பின் அளவும் பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். வியூபோர்ட்டுக்கு 1:20 அல்லாத வேறோர் அளவு தேர்வாகியிருக்கும். வியூபோர்ட்டைத் தேர்ந்து அளவை 1:20 ஆக்கிப் பூட்டிவிடுங்கள். அதே குறிப்பு வேறொரு அளவிலும் தெரிய வேண்டுமென்றால் `OBJECTSCALE` மூலம் அந்த அளவைச் சேர்க்கலாம்.

பாணியை மாற்றினால் ஆறு குறிப்புகள் மாறுகின்றன, ஒன்று மாறாமல் நிற்கிறது. யாரோ அந்த ஒன்றின் உயரத்தைத் தனியாகக் கையால் மாற்றியிருக்கிறார்கள். `MATCHPROP` எடுத்து நல்ல குறிப்பொன்றிலிருந்து அதற்குத் தேய்த்துவிடுங்கள். அப்படியும் எழுத்து மாறவில்லையென்றால் எழுத்துப் பெட்டிக்குள் போய், எல்லாவற்றையும் தேர்ந்து, வலச்சொடுக்கில் வடிவமைப்பை நீக்குங்கள்.

சரிவராத குறிப்பை `EXPLODE` செய்யும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உடைத்தால் அது தனிக் கோடும் தனி எழுத்துமாகப் பிரிந்துவிடும். பாணி அதற்குத் தெரியாது, வரிசைப்படுத்தும் கட்டளையும் அதை எடுக்காது. அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் எழுத்தை நகர்த்தும்போது கோடு பழைய இடத்திலேயே நின்றுவிடும்.

தாளைக் கொடுக்கும் முன்

ஏ3 இல் ஓர் அச்சு எடுங்கள். திரையில் பார்ப்பது போதாது. தமிழ்க் குறிப்புகளில் "கொங்கிறீட்" என்பதன் கொம்பும் காலும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று தாளில் பாருங்கள். பிறகு படத்தை வரையாத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் விரலை வைத்து அது எந்தப் படை என்று சொல்லச் சொல்லுங்கள். எங்கேயாவது "இதுவா, அதுவா" என்று அவர் நின்றால் அந்த முனையைத் திருத்துங்கள். ஏழு குறிப்புக்கு இரண்டு நிமிடம் போதும். கல்லடித் தாளை இப்படி ஒருவரிடம் காட்டியிருந்தால் அந்தக் கேள்வி மேசன் அண்ணன் வரை போயிருக்காது.

சரியாக வந்த இரண்டு பாணிகளையும் உங்கள் `.dwt` வார்ப்புருவில் சேமித்துவையுங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்ட கோப்புகளுக்கு `ADCENTER` திறந்து பாணிகளை இழுத்துப் போடலாம். ஆனால் அந்தக் கோப்பில் அதே பெயரில் வேறொரு பாணி இருந்தால் உங்களுடையது அதை மாற்றாது, பழையதே இருக்கும். `Standard` என்ற பெயரில் வேலை செய்ய வேண்டாம் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.